45 இன்வாய்ஸும் ஒரு தொகையும்: ஒரு நாளைக்குள் எத்தனை சேர்க்கையைத் தேடிப் பார்க்கலாம்?

பினாங்கில் சிறு கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாம் ஒரே கேள்வியிலிருந்து கிளைத்தவை. அதனால் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

லிட்டில் இந்தியாவில் மொத்த மளிகைக் கடையில் கணக்கு பார்ப்பவர்: அண்ணே, ஒரு உணவகம் எங்களுக்கு 45 இன்வாய்ஸ் பாக்கி. மொத்தம் சுமார் 41,000 வெள்ளி. முந்தாநாள் 18,437 வெள்ளி 65 காசு வங்கியில் போட்டார்கள், எந்தெந்த இன்வாய்ஸுக்கு என்று சொல்லவில்லை. என் தம்பி எல்லாச் சேர்க்கையையும் கூட்டிப் பார்க்க பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினான். பொருந்துவதையெல்லாம் சேர்த்து வைத்துக் கடைசியில் காட்டுமாம். நேற்று ராத்திரி ஓடவிட்டோம், இன்னும் ஓடுகிறது. எப்போது முடியும்?

தங்கச்சி, அதை நிறுத்திவிடுங்கள். முடிய 407 நாள் ஆகும்.

இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் தம்பியிடம் முதல் 20 இன்வாய்ஸை மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஆனது. ஒவ்வொரு இன்வாய்ஸையும் சேர்க்கலாம், விடலாம், இரண்டே வழி. 20 இன்வாய்ஸுக்கு இரண்டை இருபது முறை பெருக்கினால் 1,048,576 சேர்க்கை. அதாவது உங்கள் கணினி விநாடிக்குச் சுமார் ஒரு மில்லியன் சேர்க்கையைப் பார்க்கிறது. குறைந்த வேகம் இல்லை அது.

இனி ஒரு இன்வாய்ஸ் கூடினால் நேரம் இரட்டிப்பாகும். 21-க்கு இரண்டு விநாடி, 24-க்குப் பதினேழு விநாடி, 30-க்குப் பதினெட்டு நிமிடம். இதுவரை யாருக்கும் சந்தேகம் வராது. 36-க்கு 19 மணி நேரம். 37-க்கு 38 மணி நேரம். ஒரு நாளுக்கு 86,400 விநாடிதான் என்பதால் உங்கள் கணினியில் ஒரு நாளைக்குள் முடியும் எல்லை 36. நீங்கள் அதைத் தாண்டி ஒன்பது இன்வாய்ஸ் போய்விட்டீர்கள், அந்த ஒன்பதும் நேரத்தை 512 மடங்காக்கிவிட்டன.

இது யாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய கணக்கு. சிறிய எண்ணிக்கைக்கு நேரத்தை அளந்துகொள்ளுங்கள். 86,400-ஐத் தாண்டாதவரை இரட்டித்துக்கொண்டே போங்கள், எத்தனை முறை இரட்டித்தீர்களோ அத்தனை இன்வாய்ஸ்தான் கூட்டலாம். ஓடவிடுவதற்கு முன்னால் இதைச் செய்யாமல் ராத்திரி முழுக்க விட்டுவைப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்: அவர்கள் கணினி பழையதாக இருக்கும். நல்ல மெஷின் வாங்கினால் தீராதா?

கொஞ்சம் தீரும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. இருமடங்கு வேகமான கணினி ஒரே ஒரு இன்வாய்ஸைக் கூட்டித் தரும். வேலையைப் பதினாறு கோர்களுக்குச் சரியாகப் பங்கிட்டால் நான்கு இன்வாய்ஸ். ஆயிரம் கணினியை வாடகைக்கு எடுத்தால் பத்து, அதாவது 36 போய் 46.

பைத்தானை விட்டு C-யில் கவனமாக எழுதி விநாடிக்கு ஒரு பில்லியன் சேர்க்கை பார்த்தாலும் அதே ஆயிரம் மடங்குதான். அப்போது இந்த 45 இன்வாய்ஸ் பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அது உண்மை. ஆனால் அடுத்த மாதம் பாக்கி 60 ஆனால் அதே புரோகிராமுக்கு 36 வருடம் வேண்டும். கணினியை மாற்றாமல் ஒரு நாளுக்குப் பதில் ஒரு வருடம் காத்திருக்கத் தயார் என்றால்? 36 போய் 44 ஆகும். 45 அப்போதும் முடியாது.

பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, எதற்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்? முதலில் பொருந்துவதோடு நிறுத்தினால் சீக்கிரமே முடிந்துவிடுமே.

தம்பி, பாதி சரி. இந்தக் கணக்கில் நிறுத்தினால் சில விநாடியிலேயே ஒன்று கிடைத்துவிடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

45 இன்வாய்ஸுக்கு 35 டிரில்லியன் சேர்க்கை. மொத்தம் 41,000 வெள்ளி என்றால் வரக்கூடிய கூட்டுத்தொகைகள் காசுக் கணக்கில் 4.1 மில்லியன்தான். அத்தனை சேர்க்கையும் இந்தக் கொஞ்சம் தொகைகளுக்குள் அடங்க வேண்டும். ஒரு தொகைக்குச் சராசரியாக எட்டு மில்லியனுக்கு மேல் வரும், நடுப்பகுதித் தொகைகளுக்கு இன்னும் அதிகம். முதலில் கிடைத்த பட்டியலைக் கணக்கில் ஏற்றினால் காசு சரியாக நிற்கும், ஆனால் உணவகம் கட்டியது வேறு இன்வாய்ஸுகளாக இருக்கும். பிறகு யார் பாக்கி எது என்று பேசும்போது தகராறுதான்.

பதில் இல்லாதபோது உன் வழி உதவவே உதவாது. ஒரு கடையில் எல்லா இன்வாய்ஸும் பத்துக் காசின் மடங்கு. வந்த தொகை 85 காசில் முடிந்தது, வாடிக்கையாளர் ஏதோ கட்டணத்தைக் கழித்திருந்தார். எந்தச் சேர்க்கையும் பொருந்தாது. ஆனால் புரோகிராமுக்கு அது தெரியாதே! ‘இல்லை’ என்று சொல்ல அது கடைசிச் சேர்க்கை வரை போயாக வேண்டும். இரண்டு ராத்திரி ஓடிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கடைசி இலக்கத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மளிகைக் கடை கணக்கர், மறுபடியும்: சரி அண்ணே, அப்போது நான் என்னதான் செய்வது?

முதலில் எத்தனை சேர்க்கை பொருந்துகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். அதற்கு எல்லாவற்றையும் தேட வேண்டாம். 65 காசு, 66 காசு என்று ஒவ்வொரு தொகைக்கும் ஒரு கட்டம் வைத்து, ‘இந்தத் தொகையை எத்தனை வழியில் எட்டலாம்’ என்று எழுதிக்கொண்டே வந்தால் போதும். `bills`-இல் இன்வாய்ஸ் தொகைகளையும் `target`-இல் வந்த பணத்தையும் காசாக, முழு எண்ணாகப் போடுங்கள். தசமப்புள்ளியோடு போட்டால் கூட்டலில் நூலிழை பிசகி, பொருந்த வேண்டியதே பொருந்தாமல் போகும்.

```
ways = [0] * (target + 1)
ways[0] = 1
for x in bills:
    for s in range(target, x - 1, -1):
        ways[s] += ways[s - x]
print(ways[target])
```

கட்டங்கள் 1,843,766, இன்வாய்ஸ் 45. பெருக்கினால் 83 மில்லியன் சின்னக் கூட்டல், ஒரு நிமிடத்துக்குள் முடியும். வேறுவேறு சேர்க்கைகள் ஒரே தொகையில் வந்து விழும்போது அவற்றைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அலையாமல் ஒரே கட்டத்தில் சேர்த்துவிடுகிறோம். 407 நாள் ஒரு நிமிடமானது அதனால்தான்.

எண் பெரிதாக வந்தால் கணக்குத் தெரிந்த மனுஷர்போல் தேடுங்கள். உணவகம் பழைய இன்வாய்ஸிலிருந்து வரிசையாகக் கட்டியிருக்கும், நடுவில் தகராறுள்ள ஒன்றிரண்டை விட்டிருக்கும். வரிசையாக எடுத்து, அதிகபட்சம் மூன்றை விடலாம் என்று வைத்தால் பார்க்க வேண்டியவை 180,000-க்கும் குறைவு, ஒரு விநாடி வேலை. அத்தனை குறைவில் தற்செயலாகக் காசு பிசகாமல் பொருந்துவது அரிது, அதனால் பொருந்தினால் அதற்கு மதிப்பு உண்டு.

புக்கிட் மெர்தாஜாமில் டெலிவரி வேன் வைத்திருப்பவர்: பிரதர், எனக்கும் இதே கதைதான். தினம் 14 கடை. எந்தக் கடைக்கு முதலில் போவது என்று எல்லா வழியையும் பார்க்கலாம் என்கிறான் மகன். 36 வரை முடியும் என்கிறீர்களே, 14 சுலபம்தானே?

உங்களுடையது வேறு கணக்கு பிரதர். அங்கே சேர்ப்பதா விடுவதா என்பதுதான் கேள்வி. இங்கே வரிசையே மாறுகிறது, அதனால் 14 × 13 × 12 என்று கீழே வரை பெருக்க வேண்டும், 87 பில்லியன் வரிசை. அதே வேகத்தில் 24 மணி 13 நிமிடம். 13 கடை என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும், 14 பதின்மூன்று நிமிடத்தில் நாளைத் தவறவிடுகிறது. 15 என்றால் பதினைந்து நாள்.

உங்கள் மகனிடம் ஹெல்ட்–கார்ப் முறையைத் தேடச் சொல்லுங்கள், 1962-இல் வந்தது. எந்தெந்தக் கடைக்குப் போயாயிற்று, இப்போது எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் நினைவில் வைக்கும், எந்த வரிசையில் போனோம் என்பதை மறந்துவிடும். 14 கடைக்குச் சில விநாடி போதும். அதுவும் இரட்டித்துக்கொண்டேதான் வளரும், ஆனால் 20 கடையை ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடும். பாலத்தில் நெரிசல் எந்நேரம் என்பதை மட்டும் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, இன்னொன்று. இந்தக் கணக்கு NP-complete, அதாவது எவ்வளவு பெரிதானாலும் வேகமாக முடிக்கும் வழி யாருக்கும் தெரியாத வகை என்று படித்தேன். நீங்கள் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள். அப்போது பாடம் தப்பா?

பாடம் சரிதான். கார்ப் 1972-இல் வெளியிட்ட 21 கணக்குகளின் பட்டியலில் இது இருக்கிறது, ‘நாப்சாக்’ என்ற பெயரில். என் கட்டங்களை எண்ணிப் பார். அவை இன்வாய்ஸ் எண்ணிக்கையை மட்டும் பொறுத்தவை அல்ல, தொகையின் அளவையும் பொறுத்தவை. தொகையில் ஒரு இலக்கம் கூடினால் கட்டங்கள் பத்து மடங்கு. மளிகைக் கடைத் தொகை ஏழு இலக்கக் காசுக்குள் நிற்பதால் தப்பித்தோம். பதினெட்டு இலக்கம் என்றால் கட்டங்களை வைக்க எந்தக் கணினியிலும் இடம் இருக்காது.

அப்போது ஹோரோவிட்ஸும் சாஹ்னியும் 1974-இல் காட்டிய வழி இருக்கிறது. 45-ஐ 22, 23 என்று இரண்டாகப் பிரி. ஒவ்வொரு பாதியின் கூட்டுத்தொகைகளையும் தனியாக எழுது, நான்கு மில்லியனும் எட்டு மில்லியனும் வரும். ஒரு பக்கத் தொகைக்கு மீதி எவ்வளவு வேண்டுமோ அது மறுபக்கம் இருக்கிறதா என்று பார். தொகை எவ்வளவு பெரிதானாலும் கவலை இல்லை, நேரமும் கணிசமாகக் குறையும். நினைவகம்தான் முதலில் கைவிரிக்கும். 72 இன்வாய்ஸுக்குப் பாதிப் பட்டியலை அப்படியே சேமித்தால் 500 ஜிகாபைட்டைத் தாண்டும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: தம்பி, எந்த வழியில் போனாலும் இந்த இரட்டிப்பு தவிர்க்க முடியாதது என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

இல்லை ஐயா. தொகை எவ்வளவு பெரிதானாலும் வேகமாக முடிக்கும் வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அப்படி ஒன்று இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. கிளே கணித நிறுவனம் 2000-இல் தலா ஒரு மில்லியன் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்த ஏழு கேள்விகளில் இதுவும் ஒன்று, இன்றுவரை திறந்தே இருக்கிறது. வழி இல்லை என்றே என் மனசு சொல்கிறது. அது நிரூபணம் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும்.

மளிகைக் கடை கணக்கர்: அண்ணே, எண்ணிப் பார்த்தோம், 30 மில்லியனுக்கு மேல்! தலை சுற்றியது. அப்புறம் வரிசையாகப் பார்த்ததில் ஒன்று பொருந்தியது. முதல் 22 இன்வாய்ஸ், நடுவில் 9-உம் 17-உம் இல்லாமல். அதையே பதிந்துவிடலாமா?

இன்னும் வேண்டாம் தங்கச்சி. உணவகத்தைக் கூப்பிட்டு, உங்கள் விடையைச் சொல்லாமல், 9-ஆவதும் 17-ஆவதும் ஏன் நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். சரக்குத் திருப்பினோம், அரிசி மூட்டை கிழிந்திருந்தது என்று அவர்களே சொன்னால் பதிந்துவிடலாம். ‘அதையும் கட்டிவிட்டோமே’ என்றால், பொருந்தியது தற்செயல். அப்போது 18,437.65-ஐ முன்பணக் கணக்கில் வைத்துவிட்டு, அவர்களிடமிருந்து பட்டியல் வாங்குங்கள்.