கம்பெனி குஞ்சு தருகிறது, கொட்டகை நம்முடையது: இந்தக் கணக்கு நியாயமா?

"ஐயா, சுங்கை சிப்புட்டில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் கித்தா நிலம் இருக்கிறது. 20,000 கோழிக்கு மூடிய கொட்டகை கட்டினால் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும், விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் 1.80 வெள்ளி கிடைக்கும், வருடம் ஆறு பேட்ச் என்கிறார் அவர்களுடைய ஆள். வங்கியில் 6 லட்சம் கடன், பத்து வருடம், மாதம் 6,400 வெள்ளி. இது நியாயமான ஒப்பந்தமா?"

தம்பி, முதலில் அந்த 1.80 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அது யாரும் உறுதி தந்த கூலி இல்லை. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் குஞ்சு விலை, தீவன விலை, பிடிக்கும் கோழியின் கிலோ விலை என்று மூன்று விலை இருக்கும். கம்பெனி குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் உங்கள் பேரில் கடனாக எழுதும். கோழி போன பிறகு அதன் விலையில் அந்தக் கடனைக் கழித்து, மிச்சத்தை உங்களுக்குத் தரும். அந்த மிச்சம் நன்றாகப் போன பேட்ச்சில் சுமார் 1.80 வரும் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள்.

கம்பெனி தாங்குவது சின்னச் சுமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20,000 குஞ்சில் நாலு விழுக்காடு செத்து, 19,200 கோழி 2.1 கிலோ எடையில் போனால் மொத்தம் சுமார் 40 டன். ஒரு கிலோ கோழிக்கு 1.6 கிலோ தீவனம் என்று வைத்தால் 64 டன்னுக்கு மேல் தீவனம் வேண்டும். கிலோ 2.50 என்று போட்டால் ஒரு பேட்ச்சுக்கே 1,60,000 வெள்ளி. அந்த முதல் உங்களிடம் இல்லை, கம்பெனி போடுகிறது. சந்தை விலை விழுந்தாலும் உங்களுக்குப் பத்திரத்தில் உள்ள விலைதான். 2023 நவம்பர் 1 முதல் அரசாங்கம் கோழிக்கு உச்சவரம்பு விலையையும் மானியத்தையும் எடுத்துவிட்டது, விலை ஏறி இறங்கும் அடியைக் கம்பெனி வாங்கிக்கொள்கிறது. அதனால் சந்தையில் கோழி விலை ஏறும் மாதத்தில் வயிறு எரியக் கூடாது. இந்த அளவில் ஒப்பந்தம் நியாயம்தான்.

இனி உங்கள் பக்கம். மின்சாரம், எரிவாயு, மரத்தூள், ஜெனரேட்டர் டீசல், பேட்ச் முடிந்து கழுவி மருந்தடிப்பது, பழுது எல்லாம் சேர்த்து பேட்ச்சுக்கு 12,500 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்கள் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, இதர செலவோடு இருவருக்கும் வருடத்துக்கு 45,000. கொட்டகை காலியாகக் கிடந்தாலும் சம்பளம் நிற்காது. வங்கித் தவணை வருடத்துக்கு 76,800, அதுவும் நிற்காது.

ஆறு பேட்ச் நடந்தால் வரவு 2,07,360 வெள்ளி. பேட்ச் செலவு 75,000, சம்பளம் 45,000 போக 87,360. தவணை கட்டியபின் கையில் 10,560. மாதத்துக்கு 880 வெள்ளி, அதுவும் உங்கள் உழைப்புக்குச் சம்பளம் எழுதாமல். ஐந்தே பேட்ச் நடந்தால் வரவு 1,72,800, செலவு 1,07,500, மிச்சம் 65,300. தவணைக்கே 11,500 வெள்ளி பற்றாது. கோழி எரு விற்ற காசு கொஞ்சம் வரும், ஆனால் இந்த ஓட்டையை அடைக்காது.

ஒரே ஒரு பேட்ச் குறைந்தால் லாபம் நஷ்டமாகிறது. அந்த ஒரு பேட்ச் எப்படிக் குறைகிறது தெரியுமா? கோழி வளர 35 நாள், பிடித்து முடிக்க ஐந்து நாள் வரை, சுத்தம் செய்து காய விட இரண்டு வாரம் என்றால் வருடத்துக்கு ஆறு பேட்ச் தாராளமாக வரும். ஆனால் அடுத்த குஞ்சு எப்போது வரும் என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கும். இரண்டு வாரம் ஒரு மாதமானால் ஒரு சுற்றே 70 நாள், வருடத்துக்கு ஐந்துதான். யாரும் உங்களை ஏமாற்றவில்லை, அவர்களுக்கு அந்த நேரம் கோழி வேண்டாம், அவ்வளவுதான். நான் ஒரு கம்பெனியில் பல வருடம் பண்ணை சூப்பர்வைசராக இருந்தவன். குளிர் அறை நிரம்பினால் குஞ்சைத் தள்ளிப்போடும் போனை நானே செய்திருக்கிறேன். மறுமுனையில் இருப்பவருக்கு அந்த மாதத் தவணை எங்கிருந்து வரும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது எனக்கு உறுத்துகிறது.

பிடிப்பைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். 35 நாளுக்குப் பிறகு ஒரு கோழி நாளைக்குச் சுமார் 180 கிராம் தின்னும், எடை 90 கிராம் ஏறும். அதாவது கூடுதல் ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோ தீவனம், 5 வெள்ளி. பிடிக்கும் விலை கிலோ 6 வெள்ளிக்குச் சற்றுக் கீழே இருந்தால் அந்தக் கிலோவுக்கு உங்களுக்கு ஒரு வெள்ளிகூட நிற்காது. அதற்கு மேல், பெரிய கோழி மத்தியான வெயிலில் சாகத் தொடங்கும். அந்த நாட்களும் உங்கள் 365-இல் இருந்துதான் போகும். தீவனக் கணக்கும் கெடும். ஒரு கிலோ கோழிக்கு எத்தனை கிலோ தீவனம் என்று காட்டும் எஃப்சிஆர் 1.60-இல் இருந்து 1.65 ஆனாலே 2,000 கிலோ தீவனம் கூட, 5,000 வெள்ளி. பேட்ச்சுக்கு உங்களிடம் மிஞ்சுவதே சுமார் 22,000, அதில் சம்பளமும் தவணையும் கட்ட வேண்டும். எஃப்சிஆர் கெட உங்கள் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. நோஞ்சான் குஞ்சு, மட்டமான தீவனம், தாமதமான பிடிப்பு மூன்றுமே கம்பெனி கையில் இருப்பவை.

ஆகவே கோழிக்குப் பத்து காசு கூடக் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். பத்திரத்தில் இந்த வரிகளைக் கேளுங்கள். கொட்டகை சுத்தமாகி 21 நாளுக்குள் குஞ்சு வராவிட்டால் நாளுக்கு இவ்வளவு ஈட்டுத்தொகை. 37-ஆம் நாளுக்குப் பிறகு தின்ற தீவனம், செத்த கோழி கம்பெனி கணக்கில். முதல் வாரத்தில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் செத்தால் அது குஞ்சுப் பழுது, விலை கழிக்கப்பட வேண்டும். அப்புறம், பிடித்த கோழியின் எடை கம்பெனித் தொழிற்சாலையில் இல்லாமல் உங்கள் ஊரில் பார்க்கப்பட வேண்டும். லாரியில் சில மணி நேரம் போகும் கோழி எடை இழக்கும். பக்கத்தில் செம்பனைக் குலை எடை போடும் இடம் இருந்தால் வெற்று லாரியையும் ஏற்றிய லாரியையும் அங்கே நிறுத்திச் சீட்டு வாங்கலாம்.

ஒப்பந்தக் காலத்தையும் பாருங்கள். கடன் பத்து வருடம், பத்திரம் ஒரு வருடம் அல்லது பேட்ச்சுக்குப் பேட்ச் என்றால் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம், உங்களால் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. குறைந்தது ஐந்து வருடம் கேளுங்கள். வங்கியிடம் பதினைந்து வருடத் தவணை கேட்டால் மாதம் சுமார் 4,800 ஆகும். மொத்தத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வெள்ளி கூடக் கட்டுவீர்கள், ஆனால் ஐந்து பேட்ச் நடந்த வருடத்திலும் மூழ்க மாட்டீர்கள்.

மின்சாரம் நின்றால் மூடிய கொட்டகையில் மத்தியானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கில் சாகும், அந்த இழப்பு உங்களுடையது. தானாகக் கிளம்பும் ஜெனரேட்டரும் கைத்தொலைபேசிக்கு அடிக்கும் எச்சரிக்கை மணியும் அந்த 6 லட்சத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கால்நடைத் துறை உரிமமும் நகராண்மைக் கழக அனுமதியும் வராமல் அடித்தளம் தோண்டாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன், அதே கம்பெனிக்கு வளர்க்கும் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, போன வருடத்துப் பேட்ச் கணக்குச் சீட்டு எல்லாவற்றையும் பார்க்கக் கேளுங்கள். குஞ்சு வந்த தேதியையும் கோழி போன தேதியையும் ஒரு தாளில் எழுதிக் காலி நாட்களைக் கூட்டுங்கள். 150-க்கு மேல் வந்தால், ஈட்டுத்தொகை வரி பத்திரத்தில் ஏறும்வரை கையெழுத்து வேண்டாம்.