ஐஎம்பிஎஸ் பணம் நடுவில் எங்கே நிற்கிறது?

“ஞாயிறு ராத்திரி ஐஎம்பிஎஸ்ல 8,000 அனுப்பினேன். என் கணக்குல கழிஞ்சிருச்சு, தம்பிக்கு வரல. ரெண்டு பேங்குக்கும் நடுவுல காசு மாட்டிக்கிச்சா?”

இல்லை. அந்த நேரத்தில் வங்கிகளுக்கு இடையே பணம் நகர்வதே இல்லை, செய்திதான் போகிறது. உங்கள் வங்கி கழித்துவிட்டு, வங்கிகளை இணைக்கும் என்பிசிஐ அமைப்புக்குச் சொல்லும், அது தம்பியின் வங்கிக்குச் சொல்லும், அவர்கள் தங்கள் பொறுப்பில் வரவு வைப்பார்கள்.

உண்மையான பணம் அப்புறம்தான், மொத்தமாக. உங்கள் வங்கியின் வாடிக்கையாளர்கள் எல்லாருமாக அந்த வங்கிக்கு 10 கோடி அனுப்பி, அங்கிருந்து 9 கோடி வந்திருந்தால், ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகளில் மாறுவது 1 கோடி மட்டும். (நிஜத்தில் எல்லா வங்கிகளையும் சேர்த்தே இந்தக் கழித்தல் நடக்கும்.)

உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் தம்பியின் வங்கியிலிருந்து பதில் நேரத்துக்குள் வந்திருக்காது. வரவு ஆனதா இல்லையா என்பது உங்கள் வங்கிக்கே தெரியாத நிலை அது. இந்தப் பரிமாற்றத்துக்கான RRN என்ற 12 இலக்க எண்ணைத் தம்பியிடம் கொடுத்து, அவருடைய வங்கியில் தேடச் சொல்லுங்கள்.

அதுவரை மறுபடி அனுப்பாதீர்கள், இரண்டுமே போய்ச் சேரலாம். வரவு ஆகவில்லை என்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் கணக்கு எண்ணைத் தப்பாகப் போட்டு வேறொருவருக்குப் போயிருந்தால் இந்த விதி உதவாது.