மாதிரியில் கோளாறா, ஒப்பீட்டில் கோளாறா? ஆய்வு வடிவமைப்பு வினாக்களில் விடையைப் பிரித்தறிதல்

கேள்வி: உளவியல் ஆய்வு முறைகள் தாளுக்காகப் பலவுள் தெரிவு வினாக்களில் பயிற்சி எடுத்து வருகிறேன். சாரா மாறி எது, சார்ந்த மாறி எது என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஓர் ஆய்வை விவரித்துவிட்டு ‘இதிலுள்ள முதன்மையான குறை எது?’ என்று கேட்டால், மாதிரிச் சாய்வு, குழப்பும் மாறி, கட்டுப்பாட்டுக் குழு இல்லாமை எல்லாமே சரியாகத் தோன்றுகின்றன. எப்படி முடிவு செய்வது?

பதில்: எல்லாமே சரியாகத் தோன்றுவதற்குக் காரணம், அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை அந்த ஆய்வைப் பொறுத்தவரை உண்மையாகவே இருப்பதுதான். நன்கு தயாரிக்கப்பட்ட வினாவில் தவறான விடைகள் பெரும்பாலும் பொய்யான கூற்றுகள் அல்ல. அந்த வினா கேட்காத வேறொன்றுக்கு அவை விடையாக இருக்கும். ஆகவே விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடத் தொடங்குவதற்கு முன்பு, ஆய்வாளர் என்ன முடிவு சொல்கிறார் என்பதை வினாவில் தேடிப் பிடியுங்கள். சோதனை முறை ஆய்வு ஒன்றின் முடிவுக்குள் இரண்டு கூற்றுகள் அடங்கியிருக்கும். ‘இதனால்தான் இந்த மாற்றம் நேர்ந்தது’ என்பது ஒன்று. ‘இது இன்னாருக்குப் பொருந்தும்’ என்பது மற்றொன்று. குழப்பும் மாறி முதல் கூற்றைத் தகர்க்கிறது, மாதிரிச் சாய்வு இரண்டாவதைத் தகர்க்கிறது. வினா எந்தக் கூற்றைக் குறிவைக்கிறது என்பது தெரிந்துவிட்டால், பாதி விடைகள் தாமாகவே விலகிவிடும்.

தேர்வில் வரக்கூடிய ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். படிக்கும்போது இசை கேட்பது நினைவாற்றலைப் பாதிக்கிறதா என்று ஓர் ஆய்வாளர் அறிய விரும்புகிறார். உளவியல் வகுப்பில் அறிவிப்பு ஒட்டி, தாமாக முன்வந்த 40 மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார். காலையில் வந்த 20 பேர் அமைதியான அறையில் 20 சொற்கள் கொண்ட பட்டியலைப் படிக்கிறார்கள். பிற்பகலில் வந்த 20 பேர் அதே அறையில், அதே பட்டியலை, இசை ஒலிக்கும்போது படிக்கிறார்கள். பின்னர் ஒவ்வொருவரும் எத்தனை சொற்களை நினைவுகூர்ந்தார்கள் என்று எண்ணப்படுகிறது. இசைக் குழுவினர் குறைவான சொற்களை நினைவுகூர்ந்ததால், ‘இசையே நினைவாற்றலைக் குறைத்தது’ என்று ஆய்வாளர் முடிவு செய்கிறார். இம்முடிவை ஏற்க முடியாததற்கு முதன்மையான காரணம் எது?

அ) பங்கேற்பாளர்கள் தாமாக முன்வந்த உளவியல் மாணவர்கள்.
ஆ) இரு குழுக்களும் வெவ்வேறு நேரங்களில் சோதிக்கப்பட்டன.
இ) நினைவாற்றலுக்குச் செயல்வரையறை தரப்படவில்லை.
ஈ) கட்டுப்பாட்டுக் குழு இல்லை.

இசை இருப்பதும் இல்லாததும் சாரா மாறி. ஆய்வாளர் தாமே அதை மாற்றியமைக்கிறார். நினைவுகூரப்பட்ட சொற்களின் எண்ணிக்கை சார்ந்த மாறி. அந்த எண்ணிக்கையே நினைவாற்றலுக்கான செயல்வரையறை என்பதால் ‘இ’ உண்மையல்ல. அமைதியில் படித்த குழுவே ஒப்பீட்டுக்குரிய கட்டுப்பாட்டுக் குழு என்பதால் ‘ஈ’யும் உண்மையல்ல, ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்ற பெயர் வினாவில் எங்கும் வராததைக் கண்டு அது இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எஞ்சிய ‘அ’, ‘ஆ’ இரண்டும் உண்மை. ஆனால் ஆய்வாளரின் முடிவு ‘இசையே குறைத்தது’ என்ற காரணக் கூற்று. இசைக் குழுவினர் அனைவரும் பிற்பகலில் வந்திருப்பதால், குறைவுக்குக் காரணம் இசையா, பிற்பகல் சோர்வா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. விடை ‘ஆ’. தாமாக முன்வந்தவர்கள் என்ற குறை இரு குழுக்களுக்கும் பொதுவானது. அது ஒரு குழுவை மட்டும் கீழே இழுக்காது.

இதே வினாவில் சில விவரங்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். இருவகைக் குழுக்களும் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டன, யார் எந்தக் குழுவில் என்பது நாணயம் சுண்டித் தீர்மானிக்கப்பட்டது, முடிவு ‘பெரியவர்கள் அனைவருக்கும் இசை நினைவாற்றலைக் குறைக்கும்’ என்று இருக்கட்டும். இப்போது காரணக் கூற்று ஓரளவு நிற்கிறது. ‘அனைவருக்கும்’ என்பதுதான் நிற்கவில்லை. விடை ‘அ’ ஆகிவிடும். பயிற்சியின்போது ஒவ்வொரு வினாவையும் இப்படி ஒருமுறை திருத்தி எழுதிப் பார்ப்பது, பத்து புதிய வினாக்களைப் போடுவதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

குழப்பும் மாறியை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு: அந்தக் காரணி, சாரா மாறியின் நிலைகளோடு சேர்ந்து மாறுகிறதா? மேலே சொன்ன ஆய்வில் இருபது சொற்களையும் எல்லோரும் வெளிச்சம் குறைந்த அறையில் படித்திருந்தால், வெளிச்சக் குறைவு அனைவருடைய மதிப்பெண்ணையும் பாதிக்கலாம். ஆனால் இரு குழுக்களுக்கும் அது ஒன்றே என்பதால் குழப்பும் மாறி ஆகாது. அது கவனிக்க வேண்டிய புறமாறி, அவ்வளவே. ‘புறமாறி’யும் ‘குழப்பும் மாறி’யும் ஒரே வினாவில் அடுத்தடுத்த விடைகளாக வரும்போது இந்தச் சோதனைதான் கைகொடுக்கும்.

சமவாய்ப்பு என்ற சொல் இரண்டு வேறு வேலைகளுக்குப் பயன்படுவதுதான் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம். சமவாய்ப்பு மாதிரியெடுப்பு என்பது, முழுமைத் தொகுதியிலிருந்து யாரை ஆய்வுக்குள் கொண்டுவருவது என்பதைப் பற்றியது. தொகுதியிலுள்ள ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படச் சம வாய்ப்பு கிடைக்கச் செய்வது அதன் வேலை. சமவாய்ப்பு ஒதுக்கீடு என்பது, உள்ளே வந்துவிட்டவர்களில் யாரை எந்தக் குழுவில் போடுவது என்பதைப் பற்றியது. முன்னது ‘யாருக்குப் பொருந்தும்’ என்பதைக் காக்கிறது, பின்னது ‘எதனால் நேர்ந்தது’ என்பதைக் காக்கிறது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. மாதிரி சாய்ந்திருக்கிறது என்று வினா சொல்லும்போது ‘சமவாய்ப்பு ஒதுக்கீட்டால் சரிசெய்யலாம்’ என்ற விடையும், குழுக்கள் ஏற்கெனவே வேறுபட்டிருந்தன என்று சொல்லும்போது ‘பெரிய மாதிரி எடுக்கலாம்’ என்ற விடையும் வைக்கப்படுவது வழக்கம், இரண்டும் தவறு. வயது, பாலினம் போன்றவற்றை ஆய்வாளர் யாருக்கும் ஒதுக்க முடியாது என்பதால், அவற்றை வைத்துக் குழு பிரித்த ஆய்விலிருந்து உறுதியான காரணக் கூற்று எழாது என்பதையும் இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியின் அளவு சாய்வைத் தீர்க்காது என்பதற்கு 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ், தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வாகன உரிமையாளர் போன்ற பட்டியல்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்புச் சீட்டுகளை அனுப்பியது; 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பதில் அனுப்பினர். லாண்டன் வெல்வார் என்று இதழ் கணித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் தொலைபேசியும் வாகனமும் வைத்திருந்தவர்களின் பட்டியல் வசதியானவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது என்பது ஒரு குறை. சீட்டைப் பெற்றவர்களில் பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலையினர் அல்லர் என்பது மற்றொரு குறை. முன்னதை மாதிரிச் சட்டகக் குறை என்றும், பின்னதைப் பதிலளிக்காமைச் சாய்வு என்றும் வினாக்கள் பிரித்துக் கேட்கும்.

கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்பதை லாஃப்டஸ், பால்மர் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வின் இரண்டாம் சோதனை அழகாகக் காட்டுகிறது. 150 மாணவர்கள் ஒரு கார் விபத்துக் காட்சியைப் பார்த்தார்கள். கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகத்தில் சென்றன என்று 50 பேரிடமும், ‘இடித்தபோது’ என்ன வேகத்தில் சென்றன என்று 50 பேரிடமும் கேட்கப்பட்டது; எஞ்சிய 50 பேரிடம் வேகத்தைப் பற்றி எதுவும் கேட்கப்படவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். காட்சியில் உடைந்த கண்ணாடி எதுவும் இல்லை. ஆயினும் பார்த்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 16 பேர், இரண்டாவதில் 7 பேர், மூன்றாவதில் 6 பேர். மூன்றாவது குழு இல்லாதிருந்தால் 16க்கும் 7க்கும் வேறுபாடு இருக்கிறது என்று மட்டுமே தெரிந்திருக்கும். கடுமையான சொல் தவறான நினைவைக் கூட்டியதா, மென்மையான சொல் அதைக் குறைத்ததா என்பது தெரிந்திருக்காது. எந்தச் சொல்லும் கேட்காத குழுவில் 6 பேர் என்ற அடிமட்டம் கையில் இருப்பதால்தான், மென்மையான சொல் ஏறக்குறைய எதையும் மாற்றவில்லை, கடுமையான சொல்லே கூட்டியது என்று படிக்க முடிகிறது. வினாவில் ‘கட்டுப்பாட்டுக் குழு இல்லாமை’ சரியான விடையாக வேண்டுமானால், இத்தகைய அடிமட்டம் எங்குமே இல்லாதிருக்க வேண்டும்: ஒரே குழுவுக்குப் பயிற்சி கொடுத்து, முன்பும் பின்பும் அளந்து, முன்னேற்றம் பயிற்சியால்தான் என்று சொல்லும் ஆய்வு அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. காலம் கடந்ததும், அதே தேர்வை இரண்டாம் முறை எழுதிய பழக்கமும்கூட அந்த முன்னேற்றத்தைத் தந்திருக்கலாம்.

இந்தப் பிரிப்பு எளிதில் பிடிபடாத ஒரு வகை வினா உண்டு. இரு குழுக்களுக்கும் சமவாய்ப்பு ஒதுக்கீடு ஒழுங்காக நடந்திருக்கும். ஆனால் கடினமான பயிற்சி பெற்ற குழுவில் பலர் இடையில் விலகியிருப்பார்கள், மற்றக் குழுவில் ஓரிருவரே விலகியிருப்பார்கள். ஆட்கள் குறைந்துவிட்டதைக் கண்டு மாணவர்கள் மாதிரிச் சாய்வைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் கடினமான குழுவில் எஞ்சியவர்கள் ஊக்கம் மிகுந்தவர்களாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், ஊக்கம் இப்போது சாரா மாறியோடு சேர்ந்து மாறுகிறது. ஒதுக்கீடு உருவாக்கிய சமநிலை ஆய்வின் நடுவே குலைந்துவிட்டது. ‘பயிற்சியே பலன் தந்தது’ என்று முடிவு கூறப்பட்டிருந்தால், குழுக்களுக்கிடையே சமமற்ற விலகல் என்ற விடையைக் குறியுங்கள். இரு குழுக்களிலும் ஒரே அளவில், ஒரே வகையான ஆட்கள் விலகியிருந்தால் மட்டுமே அது முதன்மையாக, முடிவு யாருக்குப் பொருந்தும் என்பது பற்றிய குறையாகிறது. ஆகவே இத்தகைய வினாவில், விலகியவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகத் தரப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் தேடுங்கள்.