எல்லையிலேயே நிற்கும் மதிப்பு உள்ளேயா, வெளியேயா?

"ரத்தப் பரிசோதனை அறிக்கையில் பொட்டாசியம் 5.1, பக்கத்தில் இயல்பு வரம்பு 3.5 - 5.1. கொலஸ்ட்ரால் 200, பக்கத்தில் < 200. இரண்டுமே எல்லையில்தான், ஆனால் கொலஸ்ட்ராலுக்கு மட்டும் அதிகம் என்று H குறி. ஏன்?"

பொட்டாசியம் உள்ளே, கொலஸ்ட்ரால் வெளியே. குறி சரிதான்.

சிறுகோடு போட்டு எழுதிய வரம்பில் இரு முனைகளும் சேர்த்தி. < குறி 200ஐச் சேர்ப்பதில்லை. 199 வரைதான் உள்ளே. இரண்டையும் ஒரே மாதிரி வாசித்ததால் வந்த குழப்பமாக இருக்கும்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

3.5 ≤ 5.1 ≤ 5.1 (சரி)
200 < 200 (தவறு)

ஒன்று மட்டும்: 5.1 என்பது 5.14ஐச் சுருக்கி எழுதியதாகவும் இருக்கலாம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். அதனால் முனையில் நிற்கும் எண்ணை, குறி இல்லாவிட்டாலும், பழைய அறிக்கையோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.