சம்பள உயர்வும் 10% ஸ்டெப்-அப்பும்

கேள்வி: சம்பளம் ஏறியும் கையில் ஒன்றும் நிற்பதில்லை. முதலீட்டுத் தொகை வருஷத்துக்கு 10% தானாகக் கூடும்படி வைத்திருக்கிறேன், அது போதாதா?

போதாது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆனவர், தலைக்கு மேல் கடன் இல்லாதவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கிரெடிட் கார்டு பாக்கி வட்டியோடு ஓடிக்கொண்டிருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

அந்த 10% எதில் பத்து என்று பாருங்கள். சம்பளத்தில் இல்லை, உயர்விலும் இல்லை, இப்போது போடும் தொகையில்தான். கைக்கு 100 வருகிறது, 10 முதலீட்டுக்குப் போகிறது, 90 செலவு என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 108 ஆகிறது. ஸ்டெப்-அப் தன் வேலையைச் செய்து 10ஐ 11 ஆக்கும், மீதி 7 செலவுக்குப் போய்விடும். சம்பளத்தில் நீங்கள் சேமிக்கும் பங்கு 10 சதவீதத்திலிருந்து 10.2 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். தானாகக் கூடுகிறது என்ற நிம்மதியில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

போன உயர்வின்போது எனக்கு இதே கதைதான், எண்களை அதே 100 கணக்கில் சுருக்கிச் சொல்கிறேன். கடிதத்தில் 12% என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். (இது எனக்குத் தீராத எரிச்சல். வருமா வராதா என்றே தெரியாத போனஸையும் கூட்டி ஒரு பெரிய எண்ணைக் காட்டி, கைகுலுக்கி, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதிகமாகும் வரியைப் பற்றி ஒரு வரி இருக்காது.) வரி போகக் கைக்குக் கூடியது 8தான். ஆகவே கணக்கைக் கடிதத்தை வைத்துப் போடாதீர்கள், பிடித்தமெல்லாம் போகக் கணக்கில் எவ்வளவு ஏறும் என்பதை வைத்துப் போடுங்கள்.

அந்த 8இல் முதலில் விலைவாசிக்கு ஒதுக்கினேன். விலை 5% ஏறினால் 90 ரூபாய்க்கு வாழ்ந்த அதே வாழ்க்கைக்கு 94.5 வேண்டும். அதற்கு 4.5 போக மிச்சம் 3.5. அதில் 3ஐ முதலீட்டில் சேர்த்தேன், அரையை ஆசைக்கு விட்டேன். முதலீடு 13 ஆனது, அதாவது சம்பளத்தில் 12 சதவீதம். "வாழ்க்கையை அனுபவிக்க வேண்டாமா" என்று கிளம்பி வருபவர்களுக்காகவே சொல்கிறேன், பழைய வாழ்க்கையில் எதையும் குறைக்கவில்லை. 8ஐயும் போட்டிருந்தால்தான் வில்லங்கம், விலைவாசி கழுத்தைப் பிடிக்க நாலாம் மாதமே போட்டதை எடுக்க ஓடியிருப்பேன்.

இதையெல்லாம் கடிதம் வந்த அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன். "முதல்ல சம்பளம் வரட்டும்ப்பா" என்று பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். வந்தபிறகு மாற்றினால் அது சம்பளக் குறைப்பு மாதிரி வலிக்கும், வருவதற்கு முன்பே மாற்றினால் தெரியவே தெரியாது. பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் வகுத்த சேமிப்புத் திட்டம் இதை வைத்துத்தான் கட்டப்பட்டது. 1998இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு உயர்வின்போதும் ஓய்வூதியச் சேமிப்பு சம்பளத்தில் இன்னும் 3 சதவீதம் கூட வேண்டும் என்று ஊழியர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். நான்கு உயர்வு வரை தொடர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 ஆனது. விலக வழி திறந்திருந்தும் பெரும்பாலானவர்கள் விலகவில்லை.

உங்கள் ஸ்டெப்-அப்பில் இன்னொரு ஓட்டையும் இருக்கலாம். பல இடங்களில் அது நீங்கள் முதலீடு தொடங்கிய மாதத்தில்தான் கூடும், சம்பளம் ஏறும் மாதத்தில் இல்லை. நடுவே ஏழெட்டு மாதம் இடைவெளி விழுந்தால் அதற்குள் அந்தப் பணத்துக்குப் புது மாதத் தவணை ஒன்று முளைத்திருக்கும். தொகையை நடுவில் மாற்ற வழியில்லை என்றால் பழையதைத் தொடாமல், கூடுதல் 3க்கு மட்டும் தனியாக இன்னொரு ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். அப்புறம் நெருக்கடி வந்தாலும் அதை மட்டும் நிறுத்தினால் போதும். தேதியைச் சம்பள நாளிலேயே வைக்காமல் இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள், சம்பளம் ஒரு நாள் தாமதமானால் டெபிட் திரும்பி அபராதம் விழும்.

தொகை சரியா என்று பார்க்கச் சம்பளத்துக்கு முந்தின நாள் கணக்கில் நிற்கும் இருப்பை மூன்று மாதம் குறித்து வையுங்கள். மாதாமாதம் குறைந்துகொண்டே போனாலோ, கார்டு பில்லை முழுசாகக் கட்ட முடியாமல் போனாலோ, 3ஐ 2 ஆக்குங்கள்.