கடைமடை இயலில் நாலாயிரம் சொல்லை எங்கே குறைப்பது?

திருவாரூர், ஆய்வு மாணவி: ஐயா, என் இயல் 12,000 சொல். 8,000 போதும் என்கிறார் நெறியாளர். மேட்டூர் தண்ணீர் தாமதமானதால் கடைமடை குறுவையை விட்டு ஒருபோக சம்பாவுக்குப் போனது என்பது என் வாதம். எங்கே கை வைப்பது?

முதலில் வாக்கியங்களைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது வாதத்துக்கு என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வராத பத்திதான் முதலில் போக வேண்டியது.

நீங்கள் அனுப்பிய பிரதியில் முதல் 3,000 சொல்லும் பின்னணி: கல்லணை, 1924 ஒப்பந்தம், 1990 நடுவர் மன்றம், 2007 இறுதித் தீர்ப்பு, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வாதத்துக்கு வேண்டியதோ ஜூன் 12 என்ற வழக்கமான திறப்பு நாளும், அது தவறிய ஆண்டுகளும்தான். கரிகாலனை வழியனுப்பிவிடுங்கள், தேர்வாளருக்கு அவரைத் தெரியும். 900 சொல் போதும், 2,100 மிச்சம்.

அடுத்து, பேட்டி மேற்கோள்கள் 14. அவற்றில் ஒன்பது பேர் சொல்வது ஒன்றே: "தண்ணி வந்து சேரல." ஒருவர் வாக்கை வைத்துக்கொண்டு, மற்ற எட்டுப் பேரும் அதையே சொன்னதாக ஒரு வரி எழுதுங்கள். இன்னும் ஒன்று சாதாரணமானது, அதையும் விடலாம். ஐந்து நிற்கும், 1,100 குறையும். ஆனால் போர்வெல் வைத்துக் குறுவை போட்டவரின் பேட்டியைத் தொடாதீர்கள். உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்பது அது ஒன்றுதான். அதை எடுத்தால் இயல் சுருங்காது, பொய்யாகும்.

அட்டவணையில் இருப்பதையே திரும்பச் சொல்லும் பத்திகளில் 500 போகும். மீதி 300-க்குத்தான் வாக்கியத்தை இறுக்க வேண்டும். முடிந்ததும் "மேலே கூறியபடி" என்று தேடிப் பாருங்கள். அந்த 'மேலே' இப்போது இருக்காது.

மன்னார்குடி: நான் ஒவ்வொரு பத்தியிலும் மூன்றில் ஒரு பங்கு எடுத்துவிட்டேன். அதுதானே நியாயம்?

இறுக்குவது நல்லதுதான். ஆனால் என் அனுபவத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். அதற்கு மேல் பிழிந்தால் முதலில் விழுவது 'பெரும்பாலும்', 'இந்த மூன்று ஊர்களில்' போன்ற சொற்கள். அப்புறம் மூன்று ஊர்ச் செய்தி டெல்டா முழுமைக்குமான தீர்ப்பாக நிற்கும். பழைய பிரதியோடு ஒப்பிட்டு, விழுந்த வரம்புச் சொற்களைத் திரும்பப் போடுங்கள்.

நாகப்பட்டினம்: எனக்கும் சினாப்சிஸ் சுருக்கணும் சார், இதே வழிதானா?

இல்லை தம்பி, அது வேறு வேலை. சினாப்சிஸைப் புதிதாக எழுதுவதே சுலபம்.

பாபநாசம்: பேட்டிகளை மொத்தமாகப் பின்னிணைப்பில் தள்ளினால்? நான் அப்படித்தான் செய்தேன்.

முழுப் பேட்டிகளைத் தள்ளலாம், பின்னிணைப்பும் சொல் கணக்கில் சேருமா என்று கேட்டுக்கொண்டு. வாதத்தைத் தாங்கும் மேற்கோள் மட்டும் இயலுக்குள்ளேயே இருக்கட்டும். பின்னால் புரட்டிப் பார்க்கும் தேர்வாளர் குறைவு.

திருவாரூர், ஆய்வு மாணவி: வைவாவில் நடுவர் மன்ற வரலாறு எங்கே என்று கேட்டால்?

கேட்கலாம். ஓர் அடிக்குறிப்பு போதும் என்பது என் எண்ணம், உங்கள் நெறியாளர் ஒரு பக்கமாவது கேட்பார் என்று தோன்றுகிறது. வெட்டியதை அழிக்காமல் தனிக் கோப்பில் வைத்திருங்கள்.