எனக்கே மேலே

அன்புள்ள ஐயா,

வணக்கம். மொரீஷியஸில், எபேன் சைபர் நகரில் ஓர் ஐரோப்பிய நிறுவனத்துக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் எட்டுப் பேர். குழுத் தலைவர் பதவிக்கு நானும் விண்ணப்பித்தேன், என் பக்கத்து இருக்கைக்காரியும் விண்ணப்பித்தாள். வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. அவளுக்குக் கிடைத்திருக்கிறது. என்னைவிட ஒன்பது வயது இளையவள். வேலையில் சேர்ந்தபோது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். திறமைசாலிதான், மறுக்கவில்லை. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்த வாரம் எங்களுக்கு ஆண்டு முடிவுக் கணக்கு. என் வீட்டில் தண்ணீர் புகுந்ததால் என் சப்ளையர் கணக்குகள் பாதியில் நின்றன. அவற்றையும் அவளே எடுத்து முடித்தாள். அதுவே மேலதிகாரியின் கண்ணில் பட்டிருக்கலாம்.

அவளுக்கு வாழ்த்து எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. எழுதியது இது. அவளும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் நாங்கள் கிரியோலில்தான் பேசுவோம். தமிழாக்கித் தருகிறேன்: “வாழ்த்துகள்! ஒருவழியாக உழைப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த பெண் இன்று எனக்கே மேலே! இந்த இடத்துக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. எங்களை மறந்துவிடாதீர்கள்.” இதுவரை அவளை ‘தோ’, அதாவது நீ என்றுதான் அழைத்தேன். இனி தலைவர் என்பதால் ‘ஊ’, அதாவது நீங்கள் என்று மாற்றியிருக்கிறேன். அனுப்பலாமா?

ஒரு வாசகி, ரோஸ் ஹில்

அன்புள்ள வாசகிக்கு,

அனுப்ப வேண்டாம். நல்லவேளை, கேட்டீர்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் போர்ட் லூயியில் ஒரு சரக்குக் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கூட இருந்தவருக்குப் பதவி உயர்வு வந்தபோது, அழகான வாழ்த்து அட்டை ஒன்றை வாங்கி, பிரெஞ்சில் ஒரே சொல்லை எழுதிக் கொடுத்தேன்: “ஆன்ஃபான்!” ‘ஒருவழியாக’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதே சொல். வேடிக்கை என்று நினைத்தேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் அவர் சொன்னார்: “எத்தனை நாளாக நான் பின்தங்கி இருந்தேன் என்று நீ கணக்கு வைத்திருக்கிறாய் என்று அன்று தெரிந்துகொண்டேன்.” அந்தச் சொல்லின் வேலை அதுதான். வந்த இடத்தை விட்டுவிட்டு, வர எடுத்துக்கொண்ட காலத்தைச் சுட்டுகிறது. இளையவளான உங்கள் தோழிக்கு அது பொருந்தவும் இல்லை. அவர் சீக்கிரமே வந்துவிட்டார், உங்களுக்கு வலிப்பதும் அதுதானே?

‘எனக்கே மேலே’ என்பதில் உள்ள அந்த ஏகாரத்தைப் பாருங்கள். வாக்கியம் அவரைப் பற்றித் தொடங்கி உங்கள் இடத்தில் வந்து நின்றுவிட்டது. வரிசை என்பது சின்ன விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 1998இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போனபோது இந்தத் தீவு கொதித்தது. கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். ஒரு வரி கீழே இறங்குவது எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த வலியை வாழ்த்துக்குள் வைத்தால், வாழ்த்தைப் பெறுகிறவர் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

அடுத்த வரி பொய். நீங்களும் விண்ணப்பித்தீர்கள் என்பது அவருக்குத் தெரியும். போட்டியிட்டவரே ‘உங்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை’ என்றால் கேட்பவர் நம்பமாட்டார், குத்தல் என்றுகூட எடுத்துக்கொள்வார். மிகைப் புகழ்ச்சியில் பொறாமை மறைந்துகொள்ளும் என்று நினைக்கிறோம். அங்கேதான் அது பளிச்சென்று தெரியும். ‘மறந்துவிடாதீர்கள்’ என்பது ஊரெல்லாம் சொல்வது. ஆனால் அவர் திங்கட்கிழமையும் உங்களுக்கு இரண்டடி தள்ளித்தான் உட்காரப்போகிறார். அவர் செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே போடும் வழக்கு அது.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது ‘ஊ’. நான்கு பேர் நடுவில், வாடிக்கையாளர் முன்னால் ‘ஊ’ என்பது மரியாதை. சேர்ந்த நாளிலிருந்து ‘தோ’ என்றவரை, தனிமடலில், அதுவும் வாழ்த்தில், ஒரே இரவில் ‘ஊ’ ஆக்கினால் அது கதவைச் சாத்தும் சத்தம். நீ என்றவளைத் திடீரென்று நீங்கள் என்றால் தமிழில் எப்படி இருக்குமோ அப்படித்தான். ‘தோ’ என்றே எழுதுங்கள். மாற்ற வேண்டுமானால், எப்போது எங்கே என்று அவரே முடிவு செய்யட்டும்.

சரி, என்ன எழுதுவது? அமெரிக்க உளவியலாளர் ஏப்ரஹாம் டெஸ்ஸர் எண்பதுகளில் ஒன்றை எடுத்துச் சொன்னார். மற்றவரின் வெற்றி நம்மைச் சுடுவதற்கு இரண்டு சேர வேண்டும்: அவர் நமக்கு நெருங்கியவராக இருக்க வேண்டும், அவர் வென்ற துறை நாமும் நம்மை அளந்துகொள்ளும் துறையாக இருக்க வேண்டும். உங்கள் ஒன்றுவிட்ட தம்பி நல்ல பாடகர் என்றால் பெருமையாக ஊரெல்லாம் சொல்வீர்கள். பக்கத்து மேசைக்காரி கணக்கில் உயர்ந்தால் தூக்கம் வராது. ஆகவே உங்கள் மனம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி.

ஆனால் அதே இடத்திலிருந்துதான் நீங்கள் அவரை வேறு யாரும் பார்க்காதபடி பார்த்திருக்கிறீர்கள். மேலதிகாரிக்குத் தெரிந்தது முடிந்த கணக்கு. அது எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். குழுவில் மற்ற ஆறு பேரும் ‘பிராவோ’ போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களால் எழுத முடியாத ஒரு வரி உங்களிடம் இருக்கிறது. கடிதத்தில் அதை நீங்கள் முறையீடாக எழுதியிருக்கிறீர்கள்: பெலால் வாரம், பாதியில் நின்ற சப்ளையர் கணக்குகள்.

அந்த வாரத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்த அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் உங்களைத் தொலைபேசியில் அழைத்திருப்பார் அல்லவா? முதலில் கேட்டது வீட்டைப் பற்றியா, கணக்கைப் பற்றியா? உங்கள் வேலையை எடுத்துக்கொண்டபோது பிறரிடம் எப்படிச் சொன்னார்? திருப்பித் தந்தபோது எந்த நிலையில் தந்தார், விட்டுப்போன விலைப்பட்டியல்களைக் குறித்து வைத்திருந்தாரா? பதில்கள் உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாததால் ஊகித்து ஒரு மாதிரி எழுதுகிறேன். உண்மை வேறாக இருந்தால் உண்மையை வையுங்கள். நடக்காததைச் சேர்த்தால் முதல் வரியிலேயே பிடிபடும்.

“மின்னஞ்சலைப் பார்த்தேன். வாழ்த்துகள். பெலால் வந்த வாரம் நீ என்னை அழைத்தபோது முதலில் கேட்டது என் வீட்டுத் தண்ணீரைப் பற்றி. கணக்கைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். பிறகு என் சப்ளையர் கணக்குகளை முடித்துத் தந்தாய். ஐயம் இருந்த இடங்களில் நீயாகத் தீர்க்காமல் எனக்காகக் குறித்து வைத்திருந்தாய். அந்தக் குறிப்புகளை இன்னும் வைத்திருக்கிறேன். குழுத் தலைவராக முதலில் எதைக் கையில் எடுக்கலாம் என்று இருக்கிறாய்?”

இதிலும் ‘நான்’ இருக்கிறது. ஆனால் சாட்சியாக இருக்கிறது, அளவுகோலாக இல்லை. இதைக் கிரியோலில் நீங்களே எழுதுங்கள், நீங்கள் இருவரும் பேசும் பேச்சில். வாழ்த்து என்றதும் அலுவலகப் பிரெஞ்சுக்குத் தாவிவிடாதீர்கள், அது சுற்றறிக்கை ஆகிவிடும்.

கடைசியில் உள்ள கேள்வி அலங்காரம் இல்லை. ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் நல்ல செய்தி சொல்லும்போது எதிரே இருப்பவர் அதை எப்படி எதிர்கொள்கிறார் என்று பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது காதலர்களையும் தம்பதிகளையும்தான், அலுவலகத்தை இல்லை. ஆனால் அவர்கள் பிரித்துக்காட்டிய வகைகளை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். ஆர்வமாகக் கேட்டுப் பேச்சை வளர்ப்பவர், ‘நல்லது’ என்று சொல்லிவிட்டு அமைதியாகிறவர், ‘வேலைப்பளு கூடுமே’ என்று குறை காண்பவர், பேச்சையே மாற்றுகிறவர். உறவு நன்றாக இருந்தது முதல் வகைக்குத்தான். இரண்டாவது வகை நல்லெண்ணம் கொண்டதாக இருந்தும் பயன்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் ஒரு கேள்வி கேளுங்கள், ஆனால் செய்யப்போகும் வேலையைப் பற்றி. சம்பளம் எவ்வளவு, நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பவை ஆர்வம்போல் தோன்றினாலும் தேர்வு முடிவைக் கிளறும் கேள்விகள்.

குழுவின் வாட்ஸ்அப்பில் மற்றவர்கள்போல ஒரு வரி போதும். நீளமானதை அங்கே போட்டால், தோற்றவள் எப்படி எழுதியிருக்கிறாள் என்று ஆறு பேர் எடைபோடுவார்கள். இதைத் தனியாக, திங்கட்கிழமை அவர் உள்ளே வருவதற்கு முன் போய்ச் சேரும்படி அனுப்புங்கள்.

உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை மேலதிகாரியிடம் வேறொரு நாள், நேரம் கேட்டுப் போய்க் கேளுங்கள். தோழியிடம் அந்தப் பேச்சு வந்தால் ‘எனக்கும் ஆசை இருந்தது, கொஞ்சம் வருத்தம்தான்’ என்று நேரில் ஒருமுறை சொல்லிவிடலாம். மறைத்தால் அவர் அதைச் சுற்றியே நடந்துகொண்டிருப்பார்.

மடல் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அவருடைய பதிலில் தெரிந்துவிடும். ‘எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான், உனக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும்’ என்று வந்தால், எங்கோ உங்கள் காயம் தெரிந்து அவர் மருந்து போடுகிறார் என்று அர்த்தம். அந்தப் பேச்சை வளர்க்காதீர்கள். அந்த வாரத்தைப் பற்றி அவர் தன் பக்கத்துக் கதையைச் சொன்னாலோ, பயமாக இருக்கிறது என்றாலோ, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

பெலால் வாரத்தை எவ்வளவு தோண்டியும் மனதார ஒரு வரி வரவில்லை என்றால், மடலே வேண்டாம். ‘பிராவோ’ என்று சொல்லிக் கையைக் குலுக்குங்கள். ஒரு மாதம் கழித்து வரி கிடைத்தால் அப்போது எழுதுங்கள், தாமதத்துக்கு விளக்கம் தேவையில்லை.

திங்கட்கிழமை அவர் எப்படியும் காத்தோ பிமா வாங்கிவருவார். வயிறு சரியில்லை என்று சொல்லாமல் சூடாக இருக்கும்போதே இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.